வாசலில் நிற்பவர்கள் கவனத்துக்கு

முகூர்த்தத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் வாசலில் நாலு பேர் வேண்டும், இரு வீட்டாரிலும் இருவர். ஒரு தரப்பே நின்றால் மறுதரப்பு உறவுகளை அடையாளம் தெரியாது. பன்னீர், சந்தனம், கற்கண்டுத் தட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கை காலியாக இருக்கட்டும், கண் படிக்கட்டில் இருக்கட்டும்.

கைப்பிடியைத் தேடுகிறவர், முதல் படியிலேயே மூச்சு வாங்குகிறவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர் வந்தால் "உள்ள போங்க" என்று கைகாட்டி அனுப்பாதீர்கள். ஒருவர் கூடவே போய் உட்கார வைத்துவிட்டுத் திரும்புங்கள், மற்ற மூவர் வாசலை விட்டு நகரக் கூடாது.

பெரியவர்களுக்கு முன்வரிசை சோபா மரியாதைதான், ஆனால் முழங்கால் வலிக்காரர் அதில் உட்கார்ந்தால் எழ முடியாது. கைவைத்த நாற்காலி, நடைபாதை ஓரம், மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி. கழிவறையும் பந்தியும் எந்தப் பக்கம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள்.