டேங்கர் வரும் நேரமும் பாலின் சூடும்

ஆசிரியருக்கு,

வணக்கம். கோடையில் பாக்கெட் பால் காய்ச்சும்போதே திரிந்துவிடுகிறது, கறப்பவர்கள் சுத்தமாக இல்லாததுதான் காரணம் என்று நகரத்து வாசகர் ஒருவர் உங்கள் இதழில் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனால் காரணத்தில் பாதியை அவர் பார்க்கவில்லை. கொங்குப் பகுதியில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். மீதிப் பாதி, பாலை ஏற்றிப் போகும் டேங்கர் வரும் நேரத்தில் இருக்கிறது. அதைத் தினமும் பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

மடியிலிருந்து இறங்கும்போது பால் 37, 38 டிகிரி சூட்டில் இருக்கும். பாலுக்குள்ளேயே கிருமியைத் தடுக்கும் சக்தி கொஞ்சம் உண்டு. அது இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் பால் பிழைத்தது. இல்லாவிட்டால் அரை மணிக்கொரு முறை கிருமிகள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். பாலைப் பாக்கெட் போடும் பண்ணையில் பாஸ்சுரைஸ் செய்வார்களே என்று கேட்கலாம். 72 டிகிரியில் 15 வினாடி காய்ச்சினால் நோய்க் கிருமிகள் சாகும், சரி. ஆனால் அதற்கு முன்பே உண்டான புளிப்பு போகாது. சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சும் அந்தச் சூட்டுக்கு அழியாது. ஆகவே பாலைக் காப்பாற்றும் வேலை கிராமத்திலேயே முடிந்தாக வேண்டும்.

அதற்குத்தான் எங்கள் சங்கத்தில் தொகுப்புப் பால் குளிர்விப்பு மையம் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பிஎம்சி என்போம். 5,000 லிட்டர் தொட்டி. மாலையில் சுமார் 1,600 லிட்டர் வரும், இரவு 9 மணிக்கெல்லாம் 4 டிகிரிக்கு இறங்கிவிடும். காலையில் எங்கள் ஊர்ப் பாலும், பக்கத்துச் சங்கங்களிலிருந்து லோடு ஆட்டோவில் கேன்களில் வரும் பாலும் சேர்ந்து 2,400 லிட்டர். 6 மணிக்கு ஊற்றத் தொடங்கினால் கடைசி கேன் கவிழ 7.45 ஆகிறது. ஆட்டோவிலிருந்து இறங்கும் கேனைத் தொட்டாலே வெதுவெதுப்பு தெரியும். அந்தப் பால் 34 டிகிரிக்குக் குறையாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த மாலைப் பாலின் தலையில்தான் அது விழுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இந்த மாதிரித் தொட்டி, தன் கொள்ளளவில் பாதியை, அதாவது 2,500 லிட்டரை, 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 3 மணி நேரம் எடுக்கும். அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். கம்ப்ரஸர் நன்றாக ஓடி, வோல்டேஜும் சரியாக இருந்தால் காலை 8.15க்குத் தொட்டியின் மீட்டர் 11 டிகிரி காட்டும். 4க்கு வர இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். வெயில் காலத்தில் 9.30க்கு முன்னால் எதிர்பார்க்க முடியாது. ஆனால் டேங்கர் 8.15க்கே வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அடுத்து இரண்டு மையங்களுக்குப் போக வேண்டுமே என்பார் ஓட்டுநர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருப்பது மாவட்டப் பால் ஒன்றியம் கொடுத்த நேரப் பட்டியல்.

இங்கேதான் பலருக்கும் ஒரு தப்பான நினைப்பு இருக்கிறது. வண்டியில் ஏறிவிட்டால் பால் குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பால் டேங்கரில் குளிரூட்டும் எந்திரம் கிடையாது. அது பெரிய பிளாஸ்க் மாதிரி. 4 டிகிரியில் ஏற்றினால் 4ஐ ஒட்டியே வைத்திருக்கும், 11இல் ஏற்றினால் 11ஐயும் அதே அக்கறையோடு காப்பாற்றும். எங்கள் 4,000 லிட்டர் 11 டிகிரியில் ஏறுகிறது. அப்புறம் மற்ற இரண்டு மையங்களில் ஒழுங்காகக் குளிர்ந்த 6,000 லிட்டர் 4 டிகிரியில் அதன் மேல் சேர்கிறது. மொத்த வண்டியும் 7 டிகிரிக்கு வந்துவிடும். அவர்கள் உழைத்துக் குளிர்வித்த பாலையும் எங்கள் அவசரம் கெடுக்கிறது. பண்ணைக்குப் போனாலும் உடனே இறக்க முடியாது. எல்லா வழித்தட வண்டிகளும் 11.30, 12 என்று ஒரே நேரத்தில் வந்து வரிசை கட்டி நிற்கின்றன. சில நாள் 3 மணி வரை வெயிலில் நிற்கும். 7 டிகிரிப் பால் அன்றைக்கே திரிந்துவிடாது. ஆனால் கிருமிக்குக் கிடைத்த அந்த மணி நேரங்களை அப்புறம் எந்த எந்திரமும் திருப்பி எடுக்க முடியாது.

இறக்கிய வண்டியைச் சோடா கரைசல், அமிலக் கரைசல், வெந்நீர் என்று முறையாகக் கழுவ முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். தாமதமான நாளில் வெறும் தண்ணீர் விட்டு அலசி அனுப்பிவிடுகிறார்கள். மூடியைத் திறந்து மூக்கை வைத்தாலே தெரியும், லேசான புளித்த வாடை அடிக்கும். அந்த வண்டியை நான் ஒரு முறை திருப்பி அனுப்பியதற்கு எனக்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

சீக்கிரம் வருவது ஒரு கேடு என்றால், வராமலே போவது இன்னொரு கேடு. தொட்டியில் 4,000 லிட்டர் நிற்கும்போது வண்டி பழுதாகி மாலை வரை வரவில்லை என்றால், 1,600 லிட்டர் மாலைப் பாலில் 1,000 லிட்டருக்குத்தான் இடம் இருக்கும். மீதி 15 கேன் வெளியே நிற்கும். ஈரச் சாக்கு போட்டு மூடுவோம், வேறு வழியில்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் யாராவது ஒருவருக்குச் சோடா மாவு போட்டுப் புளிப்பை மறைக்கலாம் என்ற புத்தி வருகிறது. அது குற்றம். ரோசாலிக் அமிலச் சோதனையில் பால் ரோஜா நிறமாகி மாட்டிக்கொள்ளும், அதில் மாறுபட்ட கருத்து எனக்கில்லை. ஆனால் மாட்டிக்கொள்பவர் கேன் கொண்டுவந்தவர் மட்டும்தான், வண்டியை அனுப்பாதவரிடம் யாரும் கேட்பதில்லை. கெட்ட பாலுக்கான பிடித்தமும் சங்கத்தின் தலையில், அதாவது இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்களின் பட்டுவாடாவில்தான் விழுகிறது.

இதற்குப் புதிய எந்திரம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் வழித்தடத்தில் கடைசி மையம் தன் ஊர்ப் பாலை மட்டும் வாங்குகிறது. 7 மணிக்கே கொள்முதல் முடிந்து, 8.15க்கு அங்கே பால் தயாராக இருக்கும். வண்டி அங்கே தொடங்கி எங்களிடம் கடைசியாக, 10 மணி வாக்கில் வந்தால் போதும். தினம் சில கிலோமீட்டர் அதிகமாகும் என்பது உண்மை. ஒப்பந்ததாரருக்கு கிலோமீட்டர் கணக்கில்தான் வாடகை என்பதால் ஒன்றியம் தயங்குகிறது. அந்த டீசல் செலவையும், ஒரு வண்டிப் பால் தரம் இறங்கினால் வரும் நஷ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பண்ணையிலும் வழித்தடத்துக்கு ஒரு நேரம் ஒதுக்கி, 10 மணி, 11.30, 1 மணி என்று வண்டிகளைப் பிரித்து இறக்கலாம்.

டேங்கரோடு போகும் சீட்டில் இப்போது லிட்டர், கொழுப்பு, இதரச் சத்து என்று எழுதுகிறோம். அதில் ஏற்றும்போது பாலின் வெப்பநிலை, கிளம்பிய நேரம், பண்ணையில் இறக்கிய நேரம் என்று மூன்று கட்டம் கூட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் மீட்டர் காட்டினால் ஏற்றாமல் நிறுத்திவைக்கும் உரிமையைச் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அதன் பிறகும் பால் கெட்டால், எந்தக் கட்டத்தில் கெட்டது என்று பார்த்துப் பிடித்தம் செய்யுங்கள். எங்கள் பக்கம் என்றால் நாங்கள் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சங்கச் செயலாளர்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)