வண்டியைத் தூக்கிய பிறகும் தீராத ஜாமீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

"டியூ கட்டலைன்னா வண்டியைத் தூக்கிட்டுப் போவான், உனக்கு என்னடா?" வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிற நண்பர்கள் சொல்வது இதுதான். ஆனால் ஜாமீன் போட்டவருக்குத் தொல்லை பெரும்பாலும் வண்டியைத் தூக்கிய பிறகுதான் தொடங்குகிறது.

கால் டாக்சி ஓட்ட 6 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய். 2 ஆண்டு ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அசலில் 4 லட்சம் நிற்கும். பிறகு 6 மாதம் கட்டாமல் விட்டால் வட்டி, அபராதம், வண்டியைப் பிடித்த செலவு, யார்டு வாடகை எல்லாம் சேர்ந்து 4.4 லட்சம் ஆகிவிடலாம். ஏலத்தில் வண்டி 2.6 லட்சத்துக்குப் போனால் பாக்கி 1.8 லட்சம். வண்டி போனதோடு நண்பரின் பிழைப்பும் போயிருக்கும். மாதச் சம்பளக்காரரான ஜாமீன்தாரரைத்தான் ஃபைனான்ஸ் கம்பெனி தேடி வரும்.

"முதலில் அவனிடம் கேளுங்கள்" என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. கடன் வாங்கியவரிடம் வசூலித்துப் பார்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 1969-இல் சொல்லிவிட்டது.

இந்தக் கடன்களில் வழக்கு பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் போகிறது. அதுபற்றி வரும் கடிதத்தை ஏதோ வசூல் நோட்டீஸ் என்று ஓரமாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். நடுவர் தீர்ப்பைக் கோர்ட் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட்டு மற்றதை ஜப்தி செய்ய வழியுண்டு. 31,000 சம்பளம் என்றால் மாதம் 10,000 வரை போகும். கம்பெனி தானே தனியாக நியமித்த நடுவர் என்றால், முதல் கடிதத்துக்கே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

வண்டி பிடிபட்டது தெரிந்ததும் ஏலத் தேதியையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புவது நல்லது. அடமானப் பொருளைக் கடன் கொடுத்தவரே ஜாமீன்தாரரின் சம்மதமின்றிக் கைவிட்டால், அதன் மதிப்பளவுக்கு ஜாமீன்தாரருக்கு விடுதலை உண்டு (பிரிவு 141). அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்று வாதாடவும் இந்தத் தபால் கைகொடுக்கும். 141-வது பிரிவு தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம். கையெழுத்துப் போடும் அன்றே நகல் வாங்கிப் படியுங்கள்.

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நண்பர் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கம்பெனிக்குச் செலுத்தி, ஜாமீன்தாரராகக் கட்டியது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நண்பரிடம் அதைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட, கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம்.

— வழக்கறிஞர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை-11