கெட்டிக்காரி என்ற பட்டம்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற வாரம் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, பேனா தேடிச் சின்னவளின் புத்தகப்பையைத் திறந்தேன். அடியில், நான்காக மடித்த கணக்கு விடைத்தாள் ஒன்று கிடந்தது. இருபதுக்குப் பதின்மூன்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் அத்தை" என்றாள். அடிப்பாரா என்று கேட்டேன். "அப்பா அடிக்க மாட்டார். என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்றாள்.

அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். உன்னைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நீ அந்தக் குழந்தையை அதட்டி நான் பார்த்ததில்லை. வாய் நிறையப் பாராட்டுகிறாய். அப்படியிருந்தும் அவள் ஏன் மறைத்தாள் என்பதைத்தான் உன்னிடம் பேச வேண்டும்.

1998இல் குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது. நம் சின்னவளின் வயதுதான். வடிவங்களின் வரிசையில் விடுபட்டது எது என்று கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். முடிந்ததும் எல்லாரிடமும் "நன்றாகச் செய்திருக்கிறாய்" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு வாக்கியத்தில்தான் வேறுபாடு. சிலரிடம் "நீ அறிவாளியாக இருக்க வேண்டும்" என்றார்கள். சிலரிடம் "நீ நன்றாக உழைத்திருக்க வேண்டும்" என்றார்கள். மற்றவர்களிடம் கூடுதலாக எதுவும் சொல்லவில்லை.

அடுத்து எப்படிப்பட்ட புதிர் வேண்டும் என்று கேட்டபோது, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 67 பேர் தங்கள் திறமையைக் காட்டக்கூடிய, தவறு நேராத புதிர்களைக் கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் 92 பேர், தவறு வந்தாலும் புதிதாக ஏதாவது கற்றுத்தரும் புதிர்களைக் கேட்டார்கள். பிறகு எல்லாருக்கும் கடினமான புதிர்களைக் கொடுத்து, மோசமாகச் செய்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை, முதலில் கொடுத்த அளவுக்கே எளிய புதிர்கள். அறிவாளிகள் தங்கள் முதல் மதிப்பெண்ணிலிருந்து இறங்கினார்கள்; உழைப்பாளிகள் ஏறினார்கள்.

என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. வேறொரு பள்ளியில் படிக்கும், முன்பின் தெரியாத பிள்ளைக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதி, தங்கள் மதிப்பெண்ணையும் குறிக்கச் சொன்னார்கள். அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதியிருந்தார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் அது பத்தில் ஒருவரைச் சற்றே தாண்டியது. யாரென்றே தெரியாத ஒருவரிடம்கூட அந்தப் பட்டத்தைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நம் சின்னவள் பொய் சொல்லவில்லை, மடித்து வைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று எண்ணிவிடாதே. பின்னாளில் சீனாவில் இதே முறையைப் பின்பற்றியவர்களுக்கு இவ்வளவு தெளிவான விளைவு கிடைக்கவில்லை. அந்த எண்களைவிட, முப்பது ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் நான் கண்ட முகங்களும் அதே பக்கம் சாய்கின்றன என்பதால்தான் இதை நம்புகிறேன். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைகளில் சிலர் புதுக் கணக்கைத் தொடுமுன், "டீச்சர், இது ஈஸியா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் "சரியா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். தாள் கிழியும்வரை ரப்பரால் அழிப்பார்கள். சின்னவள் இப்போது மூன்றையும் செய்கிறாள்.

நம் மொழியிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. கெட்டிக்காரி, அறிவாளி, சமத்து எல்லாம் ஆளைக் குறிக்கும் பெயர்கள். பெயரை ஒட்டினால் அது எப்போதும் பொருந்த வேண்டும். ஏழு மதிப்பெண் குறைந்த நாளில் அது பொருந்தாமல் போகிறது. "சரிபார்த்தாய்", "வேறு வழியில் போட்டாய்" என்பவை வினைகள். செய்ததைச் சொல்பவை. இன்று செய்யத் தவறினாலும் நாளைக்குச் செய்யலாம்.

அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். விடைத்தாளில் 1224ஐ 12ஆல் வகுக்கும் கணக்கு தவறியிருந்தது. விடை 12 என்று எழுதியிருந்தாள். நான் தவறைக் காட்டவில்லை. "இந்த விடை சரியா என்று நீயே எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்து, 12ஐ 12ஆல் பெருக்கினாள். 144 வந்தது. "ஆயிரத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லையே" என்று சிரித்தாள். மறுபடி வகுத்தாள்: 12இல் 12 ஒரு முறை, அடுத்த 2ஐ இறக்கினால் 12 அதில் போகாது. அங்கே சுழியம் போடாமல் 4ஐ இறக்கிவிட்டதைத் தானே கண்டாள். விடை 102. அதையும் பெருக்கிப் பார்த்தாள்.

அப்போது நான் சொன்னது இதுதான்: "பெருக்கிப் பார்த்ததால்தான் சுழியம் விட்டுப்போனது உனக்குத் தெரிந்தது." வேறு எதுவும் சொல்லவில்லை. அடுத்த கணக்கை யாரும் கேட்காமலே பெருக்கிச் சரிபார்த்தாள்.

இதில் நீ தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. "கெட்டிக்காரி" என்பதை எடுத்துவிட்டு எதற்கெடுத்தாலும் "நன்றாக முயற்சி செய்தாய்" என்று வைத்துவிடாதே. அவள் இரண்டு நிமிடத்தில் எளிதாகப் போட்ட கணக்குக்கு அப்படிச் சொன்னால், இதற்கே நான் பாடுபட வேண்டியவள் என்று அப்பா நினைக்கிறார் போலும் என்று அவளுக்குத் தோன்றும். ஐந்து வயதில் தோன்றாது; பத்து வயதில் தோன்றும். அந்த நேரத்தில் "இது உனக்கு எளிதாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் கடினமானதைப் பார்ப்போமா?" என்று கேள். அதுபோல, ஒரே தவறான வழியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவளிடம் உழைப்பைப் பாராட்டி அனுப்பினால் அது வெறும் ஆறுதல். அவளுக்கு வேண்டியது இன்னொரு வழி.

மிகையும் வேண்டாம். அவள் வரைந்த மயிலைப் பார்த்து "உலகத்திலேயே இதுபோல் யாரும் வரைய முடியாது" என்றாய். நெதர்லாந்தில் ஓவியம் வரைந்த பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2014இல் எழுதினார்கள். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளைகள், மிகையான பாராட்டுக்குப் பிறகு கடினமான படங்களைத் தவிர்த்தார்கள். நம்பிக்கை குறைந்த பிள்ளையைத்தான் பெரியவர்கள் கூடுதலாகப் புகழ்கிறார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அன்பினால்தான். ஆனால் அடுத்த மயில் அதைவிட நன்றாக இருக்க வேண்டுமே என்ற பயம் அவளுக்கு. தோகையின் கண்களுக்கு இரண்டு நீலம் கலந்திருந்தாள், கவனித்தாயா? அதைக் கேள். எப்படிக் கலந்தாள் என்று அரை மணி நேரம் சொல்வாள்.

அவளைக் கொஞ்சாதே என்று நான் சொல்லவில்லை. தங்கமே, கண்ணே என்று கூப்பிடு, மடியில் வைத்துக்கொள். அது மதிப்பெண் வந்த நாளுக்கு மட்டும் உரியதாக இல்லாமல், பதின்மூன்று வாங்கிய நாளிலும் கிடைக்கட்டும்.

அந்த விடைத்தாளை நீயாகக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை தானே எடுத்துவந்து உன்னிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். காட்டும்போது மேலே இருக்கும் மதிப்பெண்ணைத் தாண்டி, நான்காவது கணக்குக்குப் போ. பென்சிலில் ஓரமாக ஒரு பெருக்கல் இருக்கும். அது என்ன என்று கேள்.

அன்புடன்,
அக்கா