கடைய வித்துட்டேன், கணக்க மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க?

ஆன்லைன் சந்தையோட விற்பனையாளர் பிரிவுல இருக்கறவங்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துலேருந்து எழுதுறேன். மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லின்னு பாரம்பரிய அரிசிய உங்க தளத்துல 4 வருஷமா வித்தவ நான். மாமியாரப் பாத்துக்க ஆள் இல்லாததால கடைய மன்னார்குடி தங்கச்சி ஒருத்திக்கு வித்துட்டேன். கணக்க அவ பேருக்கு மாத்தச் சொல்லி நான் போட்ட 7 டிக்கெட்டுக்கும் உங்க பதில் ஒரே வரிதான், "கணக்கை மாற்ற இயலாது".

மாசம் எல்லா செலவும் போக 20,000 நிக்கும், அதனால 2 வருஷ லாபம் 4,80,000 கேட்டேன், மூட்டைல இருந்த அரிசிக்கு வாங்குன விலை தனி. பாதி முன்பணம், மீதி கணக்கு கைமாறுனதும்னு பேச்சு. திருத்துறைப்பூண்டி பக்கம் நமக்கு நெல்லு குடுக்குற 3 விவசாயிங்ககிட்டயும் அரைக்கிற மில்லுக்கும் நானே கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்துனேன், ஏன்னா வெறும் போன் நம்பர குடுத்தா அவங்க கடனுக்கு நெல்லு தர மாட்டாங்க. வாடிக்கையாளர் லிஸ்ட்டயும் சும்மா தூக்கிக் குடுக்கல, நேரா என்கிட்ட வாங்குறவங்களுக்கு வாட்ஸ்அப்ல கேட்டு, சரின்னு சொன்ன 412 பேரோட நம்பர மட்டும்தான் குடுத்தேன்.

முட்டுனது உங்க கிட்டதான். கணக்கு என் பான், என் ஜிஎஸ்டில இருக்கு. பாஸ்வேர்ட மட்டும் குடுத்துட்டா, அவ விக்கிற ஒவ்வொரு கிலோவும் என் வருமானமா, என் ஜிஎஸ்டில ஏறும், நாளைக்கு நோட்டீஸ் எனக்குத்தான் வரும். அதனால முறையா அவ ஜிஎஸ்டி நம்பரயும் பேங்கயும் மாத்தக் கேட்டேன். பேர் பொருந்தலன்னு கணக்க முடக்கிட்டீங்க, அனுப்புன 38 பார்சலுக்கு வரவேண்டிய பணமும் நின்னுபோச்சு.

புதுக் கணக்கு தொடங்கச் சொல்றீங்க, சரி, ஆனா 640 ரிவ்யூ என்ன ஆகும்? அது இல்லாம வெறும் கடைக்கு 3,00,000 தான் தருவேங்கறா அவ, அவ மேல தப்பு சொல்ல முடியல. 1,80,000 போகுது எனக்கு. அந்த விவரத்த மாத்துறதுக்காக ராத்திரி 11 மணிக்கு அவ கூப்பிட்டு "அக்கா, ஓடிபி வந்துச்சா"ன்னு கேப்பா, நான் மாமியார் படுக்கைக்குப் பக்கத்துல உக்காந்து நம்பரச் சொல்லுவேன், பத்து நாளா இதேதான், கடைசில அதுவும் நின்னுச்சு.

கவர்ன்மென்ட்டே வியாபாரம் வித்தா மிச்ச டாக்ஸ் கிரெடிட்ட வாங்குனவங்க பேருக்கு மாத்த ITC-02 ஃபார்ம் வச்சிருக்கு. என் ஜிஎஸ்டி பதிவ கேன்சல் பண்றதுக்கு முன்னாடி ஆடிட்டர் சான்றிதழோட அத போடணும், போட்டாச்சு. கேன்சலுக்கப்பறம் 3 மாசத்துக்குள்ள GSTR-10ங்கற கடைசி ரிட்டர்ன் போடணும், உங்களால அந்தக் கேன்சலே தள்ளிப்போகுது. அவங்களுக்கு இருக்கற வழி உங்ககிட்ட ஏன் இல்ல? எங்க உழைப்புல வந்த ரிவ்யூ உங்க சொத்தா?

கைமாத்த ஒரு வழி வையுங்க. விற்பனை ஒப்பந்தம், ரெண்டு பேரோட பான், ஜிஎஸ்டி எல்லாம் வாங்கிக்கோங்க, சரிபாருங்க, ரிவ்யூவ புது பேருக்குக் கொண்டு போங்க. அது வர்றவரைக்கும் அந்த 38 பார்சல் பணத்தயாவது விடுங்க, அதுல விவசாயிங்களுக்குக் குடுக்க வேண்டியதும் இருக்கு. தயவு செஞ்சு இந்த தடவ டிக்கெட்ட ஒரு மனுஷர் படிச்சுட்டு பதில் போடுங்க.

இப்படிக்கு,
கும்பகோணத்து அரிசிக்கடைக்காரி