சித்திரை முதல் நாளில் சிங்கள நண்பருக்கு

அன்புள்ள சங்கரனுக்கு,

நலம். பாபநாசம் கோவிலில் விசுத் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. சித்திரை முதல் நாள் தீர்த்தவாரிக்குக் குடும்பத்தோடு போகிறோம். விசுக்கனிக்கு வெள்ளரிக்காயும் கொன்றைப்பூவும் சொல்லி வைத்தாயிற்று.

உன்னோடு வேலை பார்க்கும் சிங்கள நண்பர் ஊருக்குப் போயிருக்கிறார், அவருக்கு எப்படி வாழ்த்துச் சொல்வது என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். கொழும்பில் இருந்த காலத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். சூரியன் மீனத்திலிருந்து மேஷத்துக்குள் போகும் சங்கிரம நேரம்தான் இரண்டு பேருக்கும் கணக்கு. அங்குள்ள தமிழர் பஞ்சாங்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான்கு மணி நேரம் விஷு புண்ணியகாலம். சிங்களவர் புண்ணியகாலம் இரு பக்கமும் 6 மணி 24 நிமிடம். சங்கிரமம் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொள். தமிழர்களுக்குக் காலை 6 முதல் பகல் 2 வரை, சிங்களவருக்கு விடியற்காலை 3.36 முதல் மாலை 4.24 வரை. அவ்வளவு நேரமும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது, வேலை நடக்காது, விகாரைக்குப் போவார்கள். பிறகு குறித்த நேரத்தில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டு, பாற்சோறு வைத்துக் குடும்பமாகச் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாடு முடிந்தபின் கூப்பிடு. அன்றைய நேரங்களை அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள். ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

வாழ்த்தைச் "சுப அலுத் அவுருத்தக் வேவா" என்று தொடங்கு. பண்டிகையின் பெயரைத் தமிழ்ப் புத்தாண்டு என்று மட்டுமோ சிங்களப் புத்தாண்டு என்று மட்டுமோ எழுதாதே. அங்கே நாட்காட்டியிலேயே அது சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு; அந்தப் பெயரே இருவருக்கும் மரியாதை.

உறவுமுறைதான் கவனிக்க வேண்டிய இடம். அம்மா, அக்கா இரண்டும் அவர்களுக்கும் அதே சொல், அதே பொருள், தாராளமாகச் சொல். ஆனால் நம் பக்கத்தில் பெரியவர்களை ஐயா என்போமே, அங்கே அது அண்ணன். தாத்தா என்றால் அப்பா. ஆகவே அவருடைய தகப்பனாரைத் தாத்தா என்றே விசாரி. வயதைக் கூட்டிவிட்டோமோ என்று கூசாதே. பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டு ஆசி வாங்கும் நாள் அது. நம் வீட்டில் விழுந்து கும்பிட்டுக் கைநீட்டம் வாங்குவதைப் போலத்தான். அதனால் நண்பரை வாழ்த்தியதும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் போனை வைத்துவிடாதே.

இவ்வளவு எழுதி அனுப்பினால் போதும்: "சுப அலுத் அவுருத்தக் வேவா. அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் என் வணக்கம். எங்கள் வீட்டிலும் இன்றுதான் ஆண்டுப் பிறப்பு."

அவர் ஊரிலிருந்து கொக்கிஸ், கவும் என்று அவர்கள் பண்டிகைப் பலகாரங்களைக் கொண்டுவருவார். உனக்கு அனுப்பும் முறுக்கு, அதிரசப் பார்சலில் அவருக்கும் தனியாக ஒரு டப்பா வைக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டு எழுது.

அன்புடன்,
முத்தையா
அம்பாசமுத்திரம்