பொருள்: 12 பாடக் காணொளிகளில் லோகோவும் முகப்பும் நிறைவுக் காட்சியும் தவறாகச் சேர்க்கப்பட்டது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

ஐயா,

வணக்கம். என் கணிதப் பாடங்கள் பன்னிரண்டுக்கும் ஒரே லோகோ, ஒரே முகப்பு, ஒரே நிறைவுக் காட்சி சேர்த்துத் தரும் வேலையைத் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்து, முழுத் தொகையையும் செலுத்தியிருந்தேன். வந்து சேர்ந்த கோப்புகளை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் லோகோ. முதல் எட்டுப் பாடங்கள் 1920 பிக்சல் அகலம், கடைசி நான்கு 1280. தாங்கள் எல்லாவற்றிலும் 160 பிக்சல் லோகோவையே வைத்திருக்கிறீர்கள். முன்னதில் அது திரையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. பின்னதில் எட்டில் ஒரு பங்காகப் பருத்துவிட்டது. ஒன்பதாம் பாடத்தில் பலகையின் வலது ஓரத்துச் சமன்பாட்டின் வர்க்கக் குறி அதன் பின்னால் மறைந்துபோக, இருபடிச் சமன்பாடு ஒருபடிச் சமன்பாடாக நிற்கிறது. படிக்கும் பிள்ளை எதை நம்பும்? திரை அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருந்தால் அங்கே 107 பிக்சல் போதும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒலியில் இருக்கிறது. முகப்பு இசை சரியாக ஒலிக்கிறது. பாடம் தொடங்கியதும் என் குரல் கனத்து இழுபடுகிறது. உதடு முன்னே போக, சொல் பின்னே வருகிறது. என் கணினியில் படம் பத்தாவது நிமிடத்தை எட்டும்போது குரல் ஏறக்குறைய 49 நொடி பின்தங்கியிருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, "உங்கள் மைக்கில்தான் பிரச்சினை" என்றார் தங்கள் ஊழியர். நான் அனுப்பிய மூலக் கோப்பில் அந்தக் குறை இல்லை. அவரே பேச்சுவாக்கில், தரம் குறையக் கூடாது என்று முகப்பையும் பாடத்தையும் FFmpeg நிரலின் `-c copy` கட்டளை கொண்டு, மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே ஒட்டியதாகவும் சொன்னார். காரணம் அதுதான். தங்கள் முகப்பின் ஒலி நொடிக்கு 44,100 சாம்பிள். என் பாடங்கள் 48,000. மாற்றாமல் ஒட்டினால் முகப்பின் சாம்பிள் ரேட்டே கோப்பு முழுவதற்கும் பதிவாகி, என் குரல் மெதுவாக ஓடுகிறது. முகப்பையும் நிறைவுக் காட்சியையும் ஒரே ஒருமுறை 48,000-க்கு மாற்றி வைத்துக்கொண்டு ஒட்டியிருந்தால் இது நேர்ந்திராது.

நிறைவுக் காட்சி பத்து நொடி என்று பேசியிருந்தோம்; வந்திருப்பது நான்கு நொடி. யூடியூபின் இறுதித் திரைக்குக் குறைந்தது ஐந்து நொடி தேவை என்பதால், அடுத்த பாடத்துக்கான அட்டை என் கடைசிக் கணக்கின் மேலேயே வந்து உட்காருகிறது.

பன்னிரண்டையும் என் மூலக் கோப்புகளிலிருந்தே மீண்டும் செய்து தர வேண்டும். தாங்கள் அனுப்பியவற்றைத் திருத்த முயல வேண்டாம். படத்தோடு கலந்துவிட்ட லோகோவைப் பிரித்தெடுக்க முடியாது. ஒன்பதாம் பாடத்தை மட்டும் முதலில் அனுப்புங்கள். நான் பார்த்துச் சரி என்ற பிறகு மற்றவற்றைத் தொடங்கலாம். பத்து நாட்களுக்குள் இது நடக்காவிட்டால், செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்