பூட்டுல இருக்கிற நம்பர் வருஷம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல கப்பல் பெட்டிகளைப் பத்தி வந்த படக்கட்டுரை பார்த்தேன், படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா ரெண்டாவது படத்துக்குக் கீழ "பூட்டிலேயே 1876 என்று ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது"ன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. நான் காரைக்குடியில பழைய மரச்சாமான், பெட்டி எல்லாம் ரிப்பேர் பண்ற ஆளு, முப்பது வருஷமா இதான் பொழப்பு. அந்த நம்பர் வருஷம் இல்லீங்க, சாவி நம்பர். சாவி தொலைஞ்சா அந்த நம்பரைச் சொல்லி வேற சாவி வாங்கிக்கிறதுக்காகப் போட்டது. அது நாலு இலக்கமா இருந்து, 18-ன்னு ஆரம்பிச்சிட்டா போதும், வீட்ல எல்லாரும் அதை வருஷம்னு நம்பிடுறாங்க. அதே மாதிரி பூட்டு 3350-ன்னு இருந்தா யாரும் வருஷம்னு சொல்றதில்ல, கவனிச்சீங்களா.

இதே கதை எங்கிட்டயே வந்துச்சு. தேவகோட்டை பக்கத்துல ஒரு வீட்லேருந்து ஒரு தம்பி பெட்டி ஒண்ணு கொண்டு வந்தாரு, கூட அவங்க ஆச்சியும் வந்தாங்க. "இது எங்க பாட்டையா ரங்கூன்லேருந்து கொண்டாந்த பெட்டி, பூட்டுல 1892-ன்னு இருக்கு, நல்லா தேச்சு பாலிஷ் போட்டுக் குடுங்க, ஹால்ல வைக்கணும்"னாரு. எங்க பக்கம் கனமான பெட்டின்னாலே ரங்கூன் பெட்டிதான், அது எங்கேருந்து வந்திருந்தாலும். நான் தேய்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் டைம் குடுங்கன்னு கேட்டு வாங்கி வச்சேன்.

பெட்டி மூணடி நீளம், உயரம் பதிமூணரை அங்குலம். மரத்து மேல கித்தான் ஒட்டி கருப்பு பெயிண்ட், சுத்தி மரப்பட்டை. இந்த உயரத்தை முதல்ல அளக்கணும். ஏறக்குறைய 14 அங்குலத்துக்குள்ள இருந்தா அது கேபின் ட்ரங்கு, கேபின்ல படுக்கைக்குக் கீழ தள்ளி வைக்கிறதுக்குன்னே அந்த உயரத்துல செஞ்சது. அதாவது இதை முதல்ல வாங்கினவன் கேபின் டிக்கெட் எடுத்தவன். டெக்குல பாய் விரிச்சுப் போனவங்களுக்கு இந்தப் பெட்டி எதுக்கு? அங்கயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு.

மூடியைத் திறந்தா உள்பக்கம் ஓரத்துல கடைக்காரனோட காகிதம் பாதி கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. லண்டன் விக்டோரியா தெரு ஆர்மி அண்ட் நேவி கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி லிமிடெட், கீழ பம்பாய், கல்கத்தா. வெளிய ஒட்டியிருக்கிற கப்பல் லேபிளை விட இந்த உள் காகிதம்தான் பெட்டியோட பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இந்தக் கடை 1871-ல ஆரம்பிச்சது, இந்தியாவுக்கு வர்ற வெள்ளைக்கார ஆபீசர்ங்க சாமான் வாங்குற இடம். கல்கத்தா கிளை 1901-ல வந்துச்சு. 1934-ல அந்த கோ-ஆபரேட்டிவ் சொசைட்டிங்கிற பேரை எடுத்துட்டு ஸ்டோர்ஸ் லிமிடெட்னு மாத்திட்டாங்க. அப்ப இந்தக் காகிதம் 1901-க்கும் 1934-க்கும் நடுவுலதான் வரும், 1892-ல கல்கத்தான்னு போட வழியே இல்ல. இதுக்கு மேல குறுக்கிச் சொல்ல அந்தக் காகிதத்துல எதுவும் இல்ல, நானும் சொல்லல. சில பேரு "1912 இருக்கும்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லி விலை ஏத்துவாங்க, அதெல்லாம் வியாபாரம்.

பூட்டு மாத்தினதா இல்லையான்னு எப்படிப் பார்க்கிறதுன்னா, பூட்டுத் தகட்டைச் சுத்தி கித்தான்ல ஒரு நிழல் இருக்கும். தகடு மறைச்ச இடம் கருக்காம இருக்கும், ஓரத்துல துருக்கறை கோடு மாதிரி இறங்கியிருக்கும். தகடும் நிழலும் அச்சு அசலாப் பொருந்தினா பழைய பூட்டு. நிழல் பெருசா தகடு சின்னதா இருந்தா, இல்ல பக்கத்துல அடைச்ச ஓட்டை ரெண்டு தெரிஞ்சா மாத்தினது. இதுல பொருந்திச்சு. தகட்டுல செக்யூர் லீவர்னு எழுத்து, அதுக்குக் கீழ அந்த 1892.

இப்ப லேபிளுக்கு வருவோம். மூடி மேல ரெண்டு லேபிள், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டியிருந்துச்சு. எது அடியில எது மேலங்கிறதுதான் முக்கியம், அடியில இருக்கிறது முன்னாடி போன பயணம். அடியில இருந்தது பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி லேபிள், கையால பினாங்குன்னு எழுதியிருக்கு, நடுவுல பெரிய எழுத்துல ஒரு ஹெச். அந்தக் கம்பெனியில பயணி குடும்பப் பேரோட முதல் எழுத்தைப் பெருசா ஒட்டுவாங்க, துறைமுகத்துல இறக்கினதும் எழுத்து வாரியாப் பெட்டியை அடுக்கிடுவாங்க, உங்க எழுத்துக்குக் கீழ போயி தேடிக்க வேண்டியதுதான். ஆச்சிகிட்ட "உங்க வீட்டுப் பேருல எதாவது ஹெச்-ல ஆரம்பிக்குமா"ன்னு கேட்டேன், சிரிச்சாங்க. அப்புறம் ராத்திரி லைட்டை அணைச்சிட்டு டார்ச்சைப் பெட்டிப் பக்கத்துல படுக்கப் போட்டு அடிச்சுப் பார்த்தேன், கருப்பு பெயிண்டுக்கு அடியில வெள்ளைக்காரப் பேரு எழுதி அழிச்சிருந்தது மேடு தட்டித் தெரிஞ்சுது. முழுப் பேரு படிக்க முடியல, முதல் எழுத்து மட்டும் ஹெச்தான்.

மேல ஒட்டியிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி லேபிள், எஸ்.எஸ். ரஜூலா, மலாயாவுல இருக்கிற போர்ட் ஸ்வெட்டன்ஹாம்லேருந்து நாகப்பட்டினம். ரஜூலா கிளாஸ்கோவுல கட்டி 1926-ல ஓட வந்த கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு, எங்க ஊர்ல பாதிப் பேரு அதுல போனவங்கதான். ரங்கூன் அந்த வழியிலயே இல்ல. அப்ப இது மலாயாப் பெட்டி, 1926-க்கு அப்புறம் நாகப்பட்டினத்துல இறங்கினது. அந்த லேபிள் மேல இன்னொரு சின்னச் சீட்டு, நாட் வாண்டட் ஆன் வாயேஜ், அதாவது பயணத்துல இது வேண்டாம், அடித்தட்டுல சரக்கோட போடு. கேபின்ல வைக்கச் செஞ்ச பெட்டி கேபினுக்குப் போகல பாருங்க. வெள்ளைக்காரன் ஊருக்குப் போறப்ப வித்ததை அங்க இருந்த பாட்டையா செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்காருன்னு நான் நினைக்கிறேன். ஏலத்துல எடுத்தாரா, நேர்ல பேசி வாங்கினாரான்னு பெட்டி சொல்லாது.

இந்த லேபிளெல்லாம் அசலான்னு கேட்பீங்க, கேட்கணும், ஏன்னா இப்ப ஸ்டிக்கர் மாதிரி அடிச்சு ஒட்டி விக்கிறாங்க. கித்தான்ல ஒரு நீளக் கீறலைப் பிடிச்சிக்கிட்டுப் போங்க. கீறல் லேபிளையும் கிழிச்சிக்கிட்டுப் போனா, லேபிள் ஒட்டினப்புறம் பெட்டி அடிபட்டிருக்கு. கீறல் லேபிள் ஓரத்துல நின்னு, காகிதத்துக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் வெளிய வந்தா லேபிள் அப்புறம் வந்தது. இன்னொண்ணு, லேபிள் ஆணித்தலை மேல ஏறியிருந்தா அந்த இடத்துல அடியிலேருந்து துரு ஊறி வட்டமா ஒரு பழுப்புப் பொட்டு இருக்கணும். நேத்து ஒட்டினதுல அது இருக்காது. இதுல ரெண்டும் சரியா இருந்துச்சு.

எனக்குப் பிடிச்ச இடம் கீலும் லைனிங்கும்தான். இடது கீல் பழசு, இரும்புப் பட்டை, ரிவெட் அடிச்சு உள்ள மடக்கியிருக்கு. வலது கீல் பித்தளை, பிளஸ் தலை திருகாணி. அந்தக் கீலோட தகடு ரஜூலா லேபிளோட மடிஞ்ச ஓரத்தை நசுக்கிக்கிட்டு இருந்துச்சு, அப்ப கீல் மாத்தினது கப்பல் வந்து சேர்ந்ததுக்கப்புறம், நம்ம ஊர்ல. லைனிங் மேல பூப்போட்ட காகிதம், அடியில தமிழ்ப் பேப்பர், அதுக்கும் அடியில கோடு போட்ட பழைய துணி. பேப்பர் ஒட்டின பசை லேசாப் பச்சை அடிச்சுது, அது மைதாப் பசையில மயில்துத்தம் கலந்தது, பூச்சி வராம இருக்க நம்ம பைண்டிங்காரங்க கலக்கிறது. பேப்பர்ல தேதி கிழிஞ்சு போச்சு, ஆனா விளம்பரத்துல விலை ரூபா அணா பைன்னு இருந்துச்சு. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல்ல, அப்ப பேப்பர் பெரும்பாலும் அதுக்கு முன்னாடி அச்சானதா இருக்கும். ஒட்டினது அன்னைக்கேன்னு சொல்ல முடியாது, பழைய பேப்பர் பரண்ல கிடந்தும் எடுத்து ஒட்டலாம். ஆனா ஒண்ணு தெளிவு. பித்தளைக் கீலோட திருகாணி முனை அந்தப் பேப்பரைக் குத்திக்கிட்டு வெளிய வந்திருக்கு, கிழிசல் நம்மைப் பார்த்து விரிஞ்சிருக்கு. முனை மேல பேப்பரை ஒட்டியிருந்தா மேடு தட்டியிருக்குமே தவிர இப்படி வெடிச்சிருக்காது. அதனால முதல்ல லைனிங், அப்புறம்தான் கீல்.

அந்தத் தம்பிக்குக் கொஞ்சம் முகம் வாடிடுச்சு, 1892 போச்சேன்னு. ஆச்சி மட்டும் "கீல் மாத்தினது எனக்குத் தெரியும், எங்க மாமியா காலத்துல மூடி விழுந்து கையை நசுக்குச்சு, அதுக்கப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு மாத்தினாக"ன்னாங்க. இதை முதல் நாளே சொல்லியிருந்தா எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

பாலிஷ் போடல. மூடியில தூசியை மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல தட்டினேன், அவ்வளவுதான். லேபிள் மேல தண்ணி படக்கூடாது, கையெழுத்து மை ஊறிடும். வார்னிஷும் கூடாது, நாலு வருஷத்துல பழுத்துப் போயி எழுத்தே தெரியாது. செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க. உள்ள பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும், அதுக்கு அந்துருண்டையை துணியில முடிஞ்சு ஓரமா வச்சுக் குடுத்தேன். பேப்பரைப் பிரிக்க வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன், பிரிச்சா அந்தத் திருகாணிக் கிழிசல் போயிடும்.

அதனால ஆசிரியர் சார், உங்க படத்துல இருக்கிற பெட்டிக்காரரை மூடியோட உள்பக்கத்தையும் ரெண்டு கீலையும் கிட்டத்துல படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. உங்க படத்துலயே வலது கீல் கொஞ்சம் புதுசாத்தான் தெரியுது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.